ஒரே ஒரு பிரேக்கர் மட்டும் சூடு: போன் தெர்மல் கேமரா சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கோடைமழை | ஜூன் 4, இரவு 9:10

போனின் சி டைப் போர்ட்டில் செருகும் தெர்மல் கேமரா ஒன்று மூன்று நாளாகக் கையில் இருக்கிறது. 256×192 புள்ளி சென்சார். இன்று சாயங்காலம் டிபி பாக்ஸின் வெளிக்கதவைத் திறந்து பார்த்தேன். உள்மூடியைக் கழற்றவில்லை, பிரேக்கர்களின் முகம் மட்டும்தான் தெரிகிறது.

கீழ்வரிசையில் இடமிருந்து மூன்றாவது பிரேக்கர் தனியாக வெள்ளையாய்த் தகதகக்கிறது. அதில் 54 டிகிரி. பக்கத்தில் உள்ளவை எல்லாம் 34, 35. அறை 31.

குழப்பம் என்னவென்றால், மூன்றாவது பிரேக்கர் ஹால் விளக்குக்கும் ஃபேனுக்கும் போவது. இரண்டு ஆம்பியர்கூட இழுக்காது. இதற்கு ஏன் இவ்வளவு சூடு? உள்ளே ஸ்க்ரூ லூஸாக இருக்குமா, பிரேக்கரே கெட்டுவிட்டதா?

அகல்விளக்கு | ஜூன் 4, இரவு 9:32

54 எல்லாம் ஒன்றுமே இல்லை. சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி வரை தாங்கும். இன்னும் 16 டிகிரி மிச்சம் இருக்கிறது. நானும் இதே மாதிரி கேமரா வைத்திருக்கிறேன், போன வாரம் என் வீட்டு போர்டு முழுவதும் பார்த்தேன். எல்லாம் ஒரே நீலம். அதனால் லூஸ் காண்டாக்ட் எதுவும் இல்லை என்று உறுதியாகிவிட்டது.

திருப்புளி | ஜூன் 4, இரவு 10:05

அகல்விளக்கு, 70 என்பது ஒயருக்குள் இருக்கும் செம்புக்கான வரம்பு. கோடைமழை பார்ப்பது பிரேக்கரின் முகத்துப் பிளாஸ்டிக். சூடு பிறக்கும் இடம் ஸ்க்ரூவுக்கு அடியில், அந்த மூடிக்குப் பின்னால். முகம் 54 என்றால் உள்ளே எவ்வளவு என்று இந்தப் படம் சொல்லாது. மிச்சக் கணக்குப் போடாதீர்கள்.

கோடைமழை, மூன்று கேள்வி. படம் எடுத்தபோது வீட்டில் எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரமாக? நிஜப் படத்தின் மேல் சூட்டுப் படத்தைக் கலந்து காட்டும் மோடில் எடுத்தீர்களா, தனிச் சூட்டுப் படமா? போனை நிமிர்த்திப் பிடித்தீர்களா, படுக்கவைத்தா?

இரண்டு ஆம்பியரில் ஒரு பிரேக்கர் இவ்வளவு சுடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குமுன் வேறு ஒன்றைச் சந்தேகப்படுகிறேன்.

கோடைமழை | ஜூன் 4, இரவு 10:20

கலந்த மோடு. படுக்கவைத்துப் பிடித்தேன், போர்டு முழுதும் வரட்டும் என்று. முப்பது நாற்பது சென்டிமீட்டர் தூரம். குளியலறை ஹீட்டர் அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது, ஹாலில் விளக்கும் ஃபேனும்.

திருப்புளி | ஜூன் 4, இரவு 10:41

அப்படியென்றால் நீங்கள் தவறான பிரேக்கரைப் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் தெர்மல் லென்ஸ் போனின் அடிப்பக்கம் தொங்குகிறது. நிஜப் படம் எடுக்கும் கேமரா போனின் மேல் மூலையில். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண். இரண்டு கண்ணும் ஒரு சாண் தள்ளி இருந்தால் பக்கத்துப் பொருளை எப்படிப் பார்க்கும்? ஒரு மீட்டர் தூரத்துக்கு ஆப்பில் ஒட்டவைத்த படம் முப்பது சென்டிமீட்டரில் விலகிப்போகும். போனைப் படுக்கவைத்தால் அந்த விலகல் இடவலமாக வரும். ஒரு பிரேக்கரின் அகலம் 18 மில்லிமீட்டர்தான். ஒரு பிரேக்கர் அளவுக்குத் தள்ளிப்போவது மிகச் சாதாரணம்.

கலவையை அணைத்துவிட்டு, தனிச் சூட்டுப் படத்தில் ஓரத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். பிறகு லீவரை விரலால் தொட்டுப் பாருங்கள். அது கையால் இயக்குவதற்கான பாகம், உள்மூடி இருக்கும்வரை பயமில்லை.

கோடைமழை | ஜூன் 4, இரவு 11:02

நான்காவது! மூன்றாவது சில்லென்று இருக்கிறது. நான்காவது தொட்டதும் தெரிகிறது, நல்ல சூடு. அது குளியலறை ஹீட்டருடையது. முதல் பதிவில் நான் சொன்னது தவறு. படித்துவிட்டுப் போகிறவர்கள் இதையும் படியுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவதைத்தான் கழற்றச் சொல்லியிருப்பேன்.

ஹீட்டர் என்றால் 54 இயல்புதானா? அது 13 ஆம்பியர் இழுக்கும்.

ஓட்டுவீடு | ஜூன் 5, காலை 7:15

இங்கே தெர்மல் கேமரா பேச்சு என்பதால் கேட்கிறேன். எங்கள் குளியலறைக்கு வெளிச்சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கரும்நீலத் திட்டு ஒன்று தெரிகிறது. தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதா? சுவரை உடைக்க ஆள் சொல்லியாகிவிட்டது, நாளை மறுநாள் வருகிறார். நீங்கள் சொன்னதுபோல ஹீட்டர் பிரேக்கரையும் பார்த்தேன், அது சூடாக இல்லை, அப்படியானால் கசிவு வெந்நீர்க் குழாயில் இல்லை என்றுதானே அர்த்தம்?

திருப்புளி | ஜூன் 5, காலை 8:50

ஓட்டுவீடு, பிரேக்கருக்கும் உங்கள் கசிவுக்கும் தொடர்பே இல்லை. அந்தச் சுவரை உடைக்க அவசரப்படாதீர்கள். கட்டட ஈரம் தெரிந்தவர் யாராவது வந்து பதில் சொல்வார்கள்.

கோடைமழை, 54 இயல்பா என்ற கேள்விக்கு எண்ணை வைத்துப் பதில் சொல்ல முடியாது. எந்த பிரேக்கரும் லோடு ஓடினால் சற்றுச் சூடாகும். உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் அதிக லோடில் தட்டிவிடுகிறது. ஆக, விளக்கு பிரேக்கரின் 34-ஐயும் ஹீட்டர் பிரேக்கரின் 54-ஐயும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஒன்று சும்மா நிற்கிறது, ஒன்று சுமை தூக்குகிறது.

ஒப்பிட வேண்டியது ஒரே அளவு, ஒரே ஆம்பியர், ஒரே நேரம் ஓடிய இன்னொரு பிரேக்கரை. வீட்டில் இரண்டாவது ஹீட்டர் இருக்கிறதா? இருந்தால் நாளை இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு 25 நிமிடம் ஓடவிடுங்கள். ஹீட்டர் நடுவில் தானாக அணைந்துவிட்டால் கணக்கு கெடும், தண்ணீரைத் திறந்துவிட்டபடி ஓட்டுங்கள். கேமராவைச் செருகி ஐந்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அது சூடு ஏறி நிலைப்படும்வரை எண் நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் டிக் என்று சத்தம் வந்து படம் ஒரு நொடி உறையும். உள்ளே ஒரு மூடி விழுந்து சென்சாரைச் சரிபார்க்கிறது, பயப்பட வேண்டாம். அந்த டிக்குக்குப் பிறகு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அகல்விளக்கு, உங்கள் 'எல்லாம் நீலம்' பற்றி. படம் எடுத்தபோது என்ன ஓடிக்கொண்டிருந்தது? விளக்கு மட்டும் என்றால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. மூட்டில் பிறக்கும் சூடு `P = I²R`. ஆம்பியர் பாதியானால் சூடு கால்வாசி. கோடைமழையின் பிரேக்கர் 13 ஆம்பியரில் அறையைவிட 23 டிகிரி ஏறியிருக்கிறது. அதே கெட்ட மூட்டில் 2 ஆம்பியர் ஓடினால் ஏற்றம் ஏறக்குறைய அரை டிகிரி. உங்கள் கேமராவின் எண் இரண்டு டிகிரி அங்குமிங்கும் போகும். எப்படிக் கண்ணில் படும்?

அகல்விளக்கு | ஜூன் 5, பிற்பகல் 1:20

விளக்கும் ஃபிரிட்ஜும்தான் ஓடின. சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரக் கடைசியில் ஏசி, இஸ்திரி எல்லாம் போட்டு மறுபடி பார்க்கிறேன்.

ஆனால் எண்ணே நம்பாதே என்பது அதிகம். இந்தக் கேமரா பிளஸ் மைனஸ் 2 டிகிரி என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

திருப்புளி | ஜூன் 5, பிற்பகல் 1:48

சுவர், மரம், பிளாஸ்டிக், பெயின்ட் மாதிரிப் பரப்பில், லென்ஸுக்கு நேராக, போதுமான அளவு பெரிய இலக்கில் 2 டிகிரி. பளபளக்கும் உலோகத்தில் அந்த வாக்குறுதி இல்லை. செம்பும் அலுமினியமும் தங்கள் சூட்டை மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும், மீதியெல்லாம் எதிரில் இருப்பதன் பிரதிபலிப்பு. சமயத்தில் நீங்கள் படிக்கும் 33 டிகிரி உங்கள் முகத்துடையது.

சாரல் | ஜூன் 5, மாலை 6:30

ஓட்டுவீடு அவர்களுக்கு. நான் கட்டடங்களில் ஓதம் பார்க்கும் வேலை செய்கிறேன். நாளை மறுநாள் வருகிற ஆளைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள்.

கேமரா சுவருக்குள் பார்ப்பதில்லை. சுவரின் மேல்தோலில் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்பதை மட்டும் காட்டுகிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிரும், அது உண்மைதான். ஆனால் பக்கத்து அறை ஏசியின் காற்று படும் இடமும் குளிரும், குளிர்ந்த தண்ணீர் ஓடும் நல்ல குழாயும் குளிரும், பூச்சுக்குப் பின்னால் கான்கிரீட் இருக்கும் இடமும் செங்கல் இடத்திலிருந்து மாறித் தெரியும். முதலில் அந்தத் திட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று சொல்லுங்கள். ஆப் தானாக வண்ண அளவை நீட்டிச் சுருக்கும். சுவர் முழுக்க ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்றாலும் அதைக் கரும்நீலத்திலிருந்து மஞ்சள்வரை இழுத்துக் காட்டிவிடும்.

செய்து பார்க்க இரண்டு. ஒன்று, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துவிட்டு இரவு முழுக்கத் தொடாமல் விடுங்கள். காலையில் எண் நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் எங்கோ கசிவு. இரண்டு, ஏசியை அணைத்துவிட்டு, வெந்நீரை மட்டும் பத்து நிமிடம் திறந்துவிட்டு அந்தச் சுவரைக் கேமராவில் பாருங்கள். நல்ல குழாய் என்றால் ஒரு கோடு மெதுவாக எழும்பும். கசிவு இருந்தால் அந்தக் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் மேகம்போலப் பரவும், தண்ணீரை மூடிய பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் விளிம்பு மங்கலாக இருக்கும், ஏனென்றால் சூடு பூச்சில் ஊறி வெளியே வருகிறது.

ஓட்டுவீடு | ஜூன் 5, இரவு 8:05

வித்தியாசம் 1.8 டிகிரி. ஆளைத் தள்ளிவைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். உள்பக்கம் டைல்ஸ் மேல் பார்த்தால் திட்டு இடம் மாறுகிறது. தண்ணீர் நகர்கிறதா?

சாரல் | ஜூன் 5, இரவு 8:12

நகர்வது நீங்கள். பளபளப்பான டைல்ஸில் உங்கள் உடல் சூடு மங்கலாகப் பிரதிபலிக்கும். இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள். உங்களோடு கூடவே வருவது பிரதிபலிப்பு, அங்கேயே நிற்பதுதான் சுவருடையது. வெளிப்பக்கம் பூசிய சுவரில் பார்ப்பதே நல்லது.

கோடைமழை | ஜூன் 6, காலை 10:40

இரண்டு ஹீட்டரும் 25 நிமிடம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. வண்ண அளவை 30 முதல் 60 வரை பூட்டிவைத்தேன், ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்கட்டும் என்று.

நான்காவது பிரேக்கரின் முகம் 54. ஆறாவது, அதாவது இரண்டாவது ஹீட்டருடையது, 41. மூன்று முறை எடுத்தேன், ஒரு டிகிரிக்கு மேல் மாறவில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான்காவதில் சூடு முகம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. கீழ்ப்பக்கம், ஒயர் வெளியேறும் பக்கம், பளிச்சென்று இருக்கிறது, மேலே போகப் போக மங்குகிறது. ஆறாவதில் நடுவில்தான் லேசான சூடு.

திருப்புளி | ஜூன் 6, காலை 11:15

அந்தக் கடைசி வரிதான் நான் தேடிக்கொண்டிருந்தது. 13 டிகிரி வித்தியாசத்தைவிட அது பெரிய சேதி.

லோடு அதிகம் என்றால் ஒயர் நெடுக ஒரே சீராகச் சூடாகும். பிரேக்கரின் உள்காண்டாக்ட் கெட்டால் நடுப்பகுதி கொதிக்கும், இரு பக்க ஒயரும் ஏறக்குறைய சமமாகச் சூட்டை வாங்கிக்கொள்ளும். மூட்டு கெட்டால் சூடு ஒரு புள்ளியில் உச்சம் தொட்டு, அங்கிருந்து ஒயர் வழியாக வால்போல மெலிந்துகொண்டே போகும். உங்களுடையது கீழ் டெர்மினல் என்று படம் கைகாட்டுகிறது.

மின்சோதனை செய்கிறவர்கள் வைத்திருக்கும் நேட்டா அட்டவணை ஒன்று உண்டு. ஒரே லோடில் ஒரே மாதிரி இரண்டு உறுப்புக்கு நடுவே 1 முதல் 3 டிகிரி வித்தியாசம் என்றால் குறை இருக்கலாம், 4 முதல் 15 என்றால் குறை இருக்க நல்ல வாய்ப்பு, 15-ஐத் தாண்டினால் பெரிய குறை. அது மூடி கழற்றி நேராகப் பார்த்த அளவுக்கானது. நீங்கள் மூடியோடு பார்த்தே 13 வந்திருக்கிறது.

அந்த ஹீட்டரை இனி போடாதீர்கள், பிரேக்கரைக் கீழே தள்ளிவையுங்கள். உள்மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிரேக்கரைக் கீழே தள்ளினாலும் மேல்பக்க டெர்மினலில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

அகல்விளக்கு | ஜூன் 6, மாலை 4:00

எலெக்ட்ரீஷியன் வரும்போது ஒரு யோசனை. உலோகம் சரியான எண் காட்டாது என்றாரே, அதற்கு வழி இருக்கிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை டெர்மினல் ஸ்க்ரூ மேல் ஒட்டிவிட்டால் டேப்பின் சூட்டைக் கேமரா சரியாகப் படிக்கும். கறுப்பாக இருக்க வேண்டும், வெள்ளை டேப் வேலைக்கு ஆகாது.

திருப்புளி | ஜூன் 6, மாலை 4:25

பாதி சரி. டேப் தந்திரம் நல்ல தந்திரம். ஆனால் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் அலை, அங்கே வெள்ளை டேப்பும் கறுப்பு டேப்பும் ஒன்றேபோல் நடந்துகொள்ளும். நம் கண்ணுக்குத்தான் கறுப்பு வேறு.

பெரிய எச்சரிக்கை: கரண்ட் இருக்கும் டெர்மினலில் யாரும் டேப் ஒட்டப் போகாதீர்கள். முழு மெயினை அணைத்து, மீட்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகு ஒட்டி, பிறகு மறுபடி லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். உண்மையில் டேப்பே தேவைப்படாது. ஸ்க்ரூவை விட்டுவிட்டு, அதை ஒட்டியிருக்கும் ஒயரின் பிவிசி உறையைப் படித்தால் போதும். அது ஏற்கனவே டேப் மாதிரிதான்.

கோடைமழை | ஜூன் 8, இரவு 9:30

இன்று எலெக்ட்ரீஷியன் வந்தார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மெயினை அணைத்து உள்மூடியைக் கழற்றினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு மெயினைப் போட்டு, இரண்டு ஹீட்டரையும் ஓடவிட்டார். என்னை மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னார். அங்கிருந்து நான்காவது பிரேக்கரின் கீழ் ஒயர் 69 காட்டியது. அவர் போனை வாங்கி நாற்பது சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனார். 83. அதே ஒயர், அதே நிமிடம். திருப்புளி அண்ணே, இந்த 14 டிகிரி எங்கே போனது?

வியக்கவைத்தது ஸ்க்ரூ. ஒயரின் உறை 83 காட்டும்போது அதைக் கடித்துக்கொண்டிருக்கும் பளபளப்பான ஸ்க்ரூ 39 காட்டியது! படத்தில் சிவப்பு ஒயரின் முனையில் ஒரு நீலப்பொட்டு. திருப்புளி சொல்லியிருக்காவிட்டால், மூட்டு குளிர்ச்சியாக இருக்கிறது, ஒயரில்தான் கோளாறு என்று நினைத்திருப்பேன்.

பிறகு கிளாம்ப் மீட்டரை மாட்டினார். இரண்டிலும் 13 ஆம்பியர். அடுத்து மல்டிமீட்டரின் இரு முனையை பிரேக்கரின் மேல்பக்க ஒயர் முனையிலும் கீழ்ப்பக்க ஒயர் முனையிலும் வைத்தார். ஆறாவதில் 0.11 வோல்ட். நான்காவதில் 0.58 வோல்ட். அவர் மனக்கணக்காகச் சொன்னார்: 13-ஆல் பெருக்கினால் அங்கே ஒன்றரை வாட், இங்கே ஏழரை வாட். மிச்ச ஆறு வாட்டும் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. கேமரா காட்டியதை மீட்டர் வேறு வழியில் சொன்னதும்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தார். கால் சுற்று போனது. லூஸ்தான். இறுக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்றார். மறுபடி 25 நிமிடம் ஓட்டினோம். 83 இருந்த இடம் 58. ஆறாவதின் ஒயர் 47. அவர் "போதும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

திருப்புளி | ஜூன் 8, இரவு 10:10

உங்கள் மனம் சொன்னதுதான் சரி. ஒரே லோடில் இன்னும் 11 டிகிரி மிச்சம் இருக்கிறது. அந்தச் செம்பு நாள்கணக்கில் வெந்து கறுத்திருக்கும், கறுத்த செம்பை எவ்வளவு இறுக்கினாலும் கடத்தல் பழையபடி வராது. டெர்மினலின் பிடியும் சூட்டில் தளர்ந்திருக்கும். ஒயரைக் கழற்றி, நிறம் மாறிய பகுதி முழுவதையும் வெட்டிப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை போக வேண்டும். பிரேக்கரையும் மாற்ற வேண்டும்.

14 டிகிரி எங்கே போனது என்றால், தூரத்தில் கரைந்தது. உங்கள் லென்ஸ் ஒரு மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. அதை 256-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 4 மில்லிமீட்டர். நம்பத்தக்க எண் வர இலக்கு மூன்று புள்ளி அகலமாவது வேண்டும், அதாவது 12 மில்லிமீட்டர். ஒயர் அவ்வளவு தடிமன் இல்லை, அதனால் பின்னால் இருக்கும் குளிர்ந்த பலகையையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டது. நாற்பது சென்டிமீட்டரில் 5 மில்லிமீட்டர் போதும். சிறிய இலக்கைத் தூரத்திலிருந்து பார்த்தால் சூடு எப்போதும் குறைத்தே காட்டும். பார்த்தவர் நிம்மதியாகப் போய்விடுவார், அதுதான் ஆபத்து.

கோடைமழை | ஜூன் 10, மாலை 7:45

மாற்றியாகிவிட்டது. ஒயரை உருவியதும் தெரிந்தது: உறையைப் போதுமான நீளம் சீவாமல் செருகியிருக்கிறார்கள். ஸ்க்ரூ பாதி செம்பையும் பாதி பிளாஸ்டிக்கையும் கடித்திருக்கிறது. பிளாஸ்டிக் சூட்டில் இளகி இடம் கொடுக்கக் கொடுக்க ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. உறை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் காபித்தூள் நிறமாகி, வளைத்தால் உடைகிறது. மூன்று சென்டிமீட்டர் வெட்டினார்.

புது பிரேக்கர், 25 நிமிடம், 13 ஆம்பியர்: 48. ஆறாவது: 47. மல்டிமீட்டரில் 0.12 வோல்ட்.

ஒயர் வாங்கிக்கொடுத்ததும் நான்தான், வேலை நடந்தபோது பக்கத்தில் நின்றதும் நான்தான். அப்போது இதைப் பார்க்கத் தெரியவில்லை என்பது உறுத்துகிறது. நியூட்ரல் பட்டையையும் பார்க்கச் சொன்னேன். அங்கே ஒரு ஸ்க்ரூ அரைக்கால் சுற்று இறங்கியது. கேமராவில் அது வித்தியாசமாகத் தெரியவே இல்லை.

அகல்விளக்கு | ஜூன் 10, இரவு 8:30

நான் லோடு போட்டு மறுபடி பார்த்தேன். ஏசி பிரேக்கர் 44, அதே அளவு இன்னொரு ஏசி 40. இரண்டும் 20 நிமிடம் ஓடின. 4 டிகிரி. ஆனால் ஏசி அணைந்து அணைந்து ஓடுகிறது, அதனால் இரண்டும் ஒரே லோடுதானா என்று சொல்ல முடியவில்லை.

உங்கள் பிரச்சினைக்கு உறை கடிபட்டது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பலஇழை ஒயரின் நுனிக்கு ஈயம் வைத்திருந்தார்களா என்று பார்த்தீர்களா? ஈயம் வைத்தால் இழைகள் பிரியாது, பிடிப்பும் நன்றாக இருக்கும் என்று என் மாமா எல்லா ஒயருக்கும் வைப்பார்.

திருப்புளி | ஜூன் 10, இரவு 9:05

ஸ்க்ரூ டெர்மினலில் ஈயம் வைக்கக் கூடாது. ஈயம் மெத்தென்ற உலோகம், அழுத்தத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வழிந்து விலகும். இன்று இறுக்கியது அடுத்த வருடம் லூஸ். பலஇழை ஒயருக்கு நுனியில் குழல் லக் போட்டு அழுத்துவதே சரி.

ஏசி இரண்டிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து, கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் ஒப்பிடுங்கள். 4 டிகிரியை ஒதுக்கவும் மாட்டேன், அதை வைத்துப் பயமுறுத்தவும் மாட்டேன்.

கோடைமழை | ஜூன் 10, இரவு 9:20

வெட்டிய துண்டு இன்னும் கையில் இருக்கிறது. நுனி கறுத்திருக்கிறது, ஈயம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இழைகள் ஒட்டியதுபோலத்தான் இருக்கின்றன, ஆனால் அது சூட்டிலும் ஆகியிருக்கலாம்.

ஓட்டுவீடு | ஜூன் 13, காலை 6:50

சாரல் சொன்னதெல்லாம் செய்தேன். மீட்டர் இரவு முழுக்க அசையவில்லை. வெந்நீர் பத்து நிமிடம் விட்டபோது சுவரில் நேர்க்கோடு ஒன்று எழுந்தது, எங்கும் மேகம் பரவவில்லை. அந்தக் கோடு நீலத்திட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போகிறது. நான்கு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டோம். 1.8 டிகிரி வித்தியாசம் 0.6 ஆகிவிட்டது.

சாரல் | ஜூன் 13, காலை 9:30

அப்படியானால் அழுத்தக் குழாய் இல்லை. குளித்தால்தான் ஈரம் வருகிறது: தரை வடிகால், இல்லையென்றால் டைல்ஸ் இடுக்குகள். ஊசி வைத்த ஈரமானி கிடைத்தால் திட்டிலும் அதற்கு வெளியேயும் குத்திப் பாருங்கள், குளிர்ச்சி ஈரத்தால்தானா என்பதை அதுதான் சொல்லும்.

அடுத்து வடிகாலை மட்டும் தனியாகச் சோதியுங்கள். வடிகால் வாயை அடைக்காமல், சுவரிலோ தரை டைல்ஸிலோ ஒரு சொட்டும் படாமல், குழாயை நேரே வடிகாலுக்குள் விட்டு ஒரு வாளி வெந்நீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கேமராவில் பாருங்கள். அடுத்த நாள் வடிகாலை மூடிவைத்து, சுவர் டைல்ஸில் மட்டும் ஷவர் அடித்துப் பாருங்கள்.

ஓட்டுவீடு | ஜூன் 14, இரவு 9:40

வடிகால் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஷவர் சோதனை நாளைக்கு. ஈரமானி பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.

அகல்விளக்கு | ஜூன் 15, காலை 11:10

கிளாம்ப் மீட்டர் வைத்தேன். கம்ப்ரஸர் ஓடும்போது ஒன்று 7.9 ஆம்பியர், இன்னொன்று 6.2. அதிகம் சுடும் பிரேக்கர்தான் அதிகம் இழுக்கிறது. 7.9-ஐயும் 6.2-ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்தி வகுத்தால் 1.6 மடங்கு வருகிறது. அறை 32, ஏற்றம் 12-ம் 8-ம், அதாவது 1.5 மடங்கு. மூட்டில் குறையில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே மாதிரி இரண்டு ஏசியில் ஒன்று ஏன் இவ்வளவு அதிகம் இழுக்கிறது என்பது இப்போது புதுக் கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன்.